ரிவர்ஸ் மூலை

ஆலடி முக்கு ஆட்டோ ஸ்டாண்டில் பன்னிரண்டு வண்டிகள் நிற்கும். பெயர்ப்பலகையில் பதினொரு பெயர்கள்தான் இருந்தன. பன்னிரண்டாவது வண்டி ஜாஸ்மியுடையது. அவள் தற்காலிகம்.

இந்தச் சொல் அவளுக்குப் புதிதல்ல. கீரிப்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் ரப்பர் தோட்டத்தில் ஒன்பது வருடம் பால் வெட்டினாள். ஒன்பது வருடமும் தற்காலிகம். விடாமல் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள் எப்படித் தற்காலிகம் ஆவாள் என்று கேட்டால் தோட்டத்து மேனேஜரிடம் அழகான விளக்கம் இருந்தது. வருடத்தில் பத்து நாள் அவள் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடுவார்கள். பதினோராவது நாள் திரும்ப எழுதுவார்கள். ஆகவே ஒவ்வொரு வருடமும் அவள் புதிதாக வேலைக்கு வந்தவள். மரங்களுக்கு வயது ஏறியது, மேனேஜருக்கு ஏறியது. ஜாஸ்மிக்கு மட்டும் சர்வீஸ் ஏறவில்லை.

முப்பத்தெட்டாவது வயதில் அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மகளிர் திட்டம் ஒன்றில் பேட்டரி ஆட்டோ வாங்கினாள். கொத்தனார் வேலைக்குத் திருவனந்தபுரம் பக்கம் போய்ச் சனிக்கிழமைதோறும் வருகிற அவள் கணவன் அனீஷ் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "ஸ்டாண்டில பேரு எழுதுவாங்களா?" மூன்று மாதத்தில் எழுதிவிடுவார்கள் என்றாள் ஜாஸ்மி. அதைச் சொல்லிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

ஸ்டாண்டில் பலகையில் பெயர் இருப்பவர்களுக்குத்தான் வரிசை. பதினொரு வண்டிகளும் ரோட்டோரம் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். முதல் வண்டி சவாரி ஏற்றிப் போனால் மற்றவை ஒரு வண்டி நீளம் முன்னே நகரும். ஜாஸ்மிக்கு வரிசையில் இடமில்லை. அபுதாஹிரின் சாயாக் கடைக்கும் ஓடைச் சுவருக்கும் நடுவில் ஒரு மூலை கொடுத்தார்கள். மற்ற பதினொரு பேருக்கும் ஒரு சவாரி முடிந்த பிறகு அவளுக்கு ஒன்று. அந்த மூலைக்குள் வண்டியை மூக்கை நுழைத்துத்தான் நிறுத்த முடியும். பின்னோட்டு ஏற்ற வேண்டுமென்றால் ரோட்டின் நடுவில் நின்று பஸ்ஸை மறிக்க வேண்டும். எந்த பஸ்காரரும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். ஆகவே உள்ளே முன்னோட்டு, வெளியே பின்னோட்டு. வேறு வழி கிடையாது.

அங்கேதான் சிக்கல் தொடங்கியது. ஸ்டாண்டுக்கு ஒரு தத்துவம் இருந்தது. அதைச் செய்தது செயலாளர் குமாரதாஸ். இருபத்திரண்டு வருடம் டீசல் ஆட்டோ ஓட்டியவர். நாளின் முதல் உருட்டு முன்னோட்டுத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. காலையில் வண்டியைப் பின்னால் எடுத்தால் அன்றைய தொழில் பின்னால் போகும். நல்ல காரியத்துக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ரிவர்ஸ் எடுத்தால் அந்தக் காரியமும் பின்னால் போகும். இதற்கு ஆதாரம் கேட்டவர்கள் யாரும் இல்லை. கேட்டிருந்தால் கொடுக்க அவரிடம் ஆதாரம் இருந்தது: ஒரு வியாழக்கிழமை, முந்தின நாள் விட்டுப்போன முறையில் காலை முதல் சவாரி ஜாஸ்மிக்கு வந்தது, அவள் பின்னோட்டு எடுத்தாள், மத்தியானம் முதல் பெருமழை, ஒரு வண்டிக்கும் ஓட்டமில்லை. மழை வரும் என்று இரண்டு நாள் முன்பே ரேடியோ சொல்லியிருந்ததை ஸ்டாண்டு கணக்கில் எடுக்கவில்லை.

ரிவர்ஸ் மட்டுமே எடுக்க முடிகிற மூலையை ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு, அவள் ரிவர்ஸ் எடுக்கிறாள் என்று குற்றம் சாட்டுவதில் இருந்த நீதி பதினொரு ஆண்களில் ஒருவருக்கும் உறுத்தவில்லை. போதாததற்கு, ரிவர்ஸில் போட்டால் அவள் வண்டி 'பீப் பீப்' என்று ஊருக்கே சொல்லும். ஓட்டும்போது சத்தமே இருக்காது. முன்னால் போகும்போது ஒச்சை இல்லாத வண்டி, பின்னால் போகும்போது மட்டும் கத்துகிறதே, இது எந்த முறையில் சேர்த்தி என்று குமாரதாஸ் தலைவரிடம் கேட்பார். தலைவர் கிளீட்டஸ் எதற்கும் தலையை ஆட்டுகிறவர். அந்தத் தகுதியில்தான் அவர் நான்கு தடவை தலைவர் ஆனார்.

மூலைக்கு ஒரு நன்மை இருந்தது, அது அப்போது வரிசையில் நின்றவர்கள் யாருக்கும் உறைக்கவில்லை. சாயாக் கடையின் பின்சுவரில், பழைய மாவரைக்கிற மெஷினுக்காகப் போட்ட பெரிய பிளக் பாயின்ட் ஒன்று சும்மா கிடந்தது. மத்தியானம் ஓட்டம் குறைகிற நேரத்தில் ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டுக்கொள்ள அபுதாஹிர் விட்டிருந்தார். மாதா மாதம் கணக்குப் பார்த்து வாங்கிக்கொள்வார். பிளக் ஓடைச் சுவர் மூலையில் இருந்தது. வண்டியின் சார்ஜ் வாய் ஓட்டுநர் சீட்டுக்குக் கீழே, முன்பக்கம். மூக்கை உள்ளே விட்டு நிறுத்தினால் வயர் சரியாக எட்டியது.

ஜாஸ்மி வண்டியைப் பழகிய விதம் ரப்பர் மரத்தைப் பழகிய விதம்தான். மரத்தில் கத்தி ஒரு நூல் ஆழமாக இறங்கினால் பட்டை கெடும், ஒரு நூல் குறைந்தால் பால் வராது. வண்டியின் மூன்று மோடுகளையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். சமதளத்தில் ஈக்கோ. இரண்டு மூன்று பேர் ஏறினால் நார்மல். தொட்டிப்பாலம் தாண்டி வருகிற செங்குத்தான ஏற்றம் போல ஏதாவது வந்தால் மட்டும் பூஸ்ட். ஏற்றம் முடிந்ததும் கைப்பிடிப் பொத்தானை அமுக்கி ஈக்கோவுக்குத் திரும்பிவிடுவாள். டிஸ்பிளேயில் இரண்டு எண்கள் தெரியும். ஒன்று பேட்டரியில் எத்தனை சதவீதம் என்பது. இன்னொன்று இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பது. இந்த இரண்டாவது எண்ணை அவள் நம்புவதில்லை. கடைசியாக எப்படி ஓட்டினோமோ அப்படியே மேலும் ஓட்டுவோம் என்று எண்ணி அது சொல்கிறது. சமதளத்தில் ஓடிவிட்டு மலையடிவாரத்தில் நின்று பார்த்தால் அது சமதளக் கதையைத்தான் சொல்லும். சதவீதத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்வாள். மூன்று பேரோடு தோட்டம் வரை ஏற பதினைந்து போகும், காலியாக இறங்க மூன்று. இப்படி ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சதவீதம் அவளிடம் இருந்தது.

போன மாதம் குமாரதாஸின் டீசல் வண்டிக்கு எஃப்.சி. கிடைக்கவில்லை. அவரும் பேட்டரி வண்டி எடுத்தார். அதே ரகம், நிறம் மட்டும் வேறு. ஷோரூமில் வண்டியை விளக்க வந்தவரிடம், "ஏலே மக்கா, நீ பொறக்கதுக்கு முன்னால நான் வண்டி ஓட்டுதேன்" என்று சொல்லி விளக்கத்தைப் பாதியில் முடித்துவைத்தார். முன்சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். பூசணிக்காய் உடைத்தார். கண்ணாடிக்கு முன்னால் எலுமிச்சையும் மிளகாயும் கோர்த்துத் தொங்கவிட்டார். பிறகு பூஸ்ட் பொத்தானை அமுக்கினார். டிஸ்பிளே சிவப்பானது. அந்தச் சிவப்பு அவருக்குப் பிடித்துப்போனது. அதற்குப் பிறகு அவர் வண்டியில் வேறு நிறத்தை யாரும் பார்க்கவில்லை.

மூன்றாவது வாரத்திலிருந்து குமாரதாஸின் முகம் சரியில்லை. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டாலும் காலையில் எழுபதைத் தாண்டவில்லை. ஒருநாள் எழுபது, மறுநாள் ஐம்பத்தைந்து. ஷோரூமுக்கு அவர் போகவில்லை. போயிருந்தால் தனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்றாகிவிடும். வேறு ஒரு விளக்கம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. மூலையில் நிற்கிற வண்டி தினமும் தன் வண்டியை நோக்கிப் பின்னால் வருகிறது. சார்ஜை இழுக்காமல் இருக்குமா? வருகிற புதன்கிழமைக் கூட்டத்தில் ஜாஸ்மியை ஸ்டாண்டிலிருந்து எடுத்துவிடத் தீர்மானம் கொண்டுவரப்போவதாக அவர் சொன்னார். கிளீட்டஸ் தலையை ஆட்டினார்.

அபுதாஹிர்தான் செய்தியை அவளிடம் சொன்னார். ஜாஸ்மி சாயா டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, பலகையில் பதினோராவது பெயருக்குக் கீழே வெறுமையாக இருந்த இடத்தைப் பார்த்தாள். இந்த ஸ்டாண்டு போனால் பக்கத்தில் வேறு ஸ்டாண்டு கிடையாது. ரோட்டில் சுற்றிக் கை காட்டுகிறவர்களை ஏற்றினால் எந்த ஸ்டாண்டுக்காரரும் வழிமறிப்பார்கள். மறுபடி கத்தி, மறுபடி பத்து நாள் பெயர் நீக்கம்.

திங்கட்கிழமை காலை பத்து மணி வாக்கில், பதினொரு பேருக்கும் மூன்றாவது சுற்று முடிந்து ஜாஸ்மியின் முறை வந்தது. வந்தவர்கள் நிச்சயதார்த்தக்காரர்கள். முத்துக்கனி, மாப்பிள்ளையின் அம்மா. கூட அவருடைய மகள் அஞ்சுவும் அண்ணனும். ஒரு பழத்தட்டு, ஒரு பட்டுப்புடவைப் பொட்டலம். பெண் வீடு மலைமேல் தோட்டத்தைத் தாண்டி. மற்ற உறவுக்காரர்கள் வேனில் முன்னே போய்விட்டார்கள். ஜாஸ்மி பழத்தட்டை வாங்கப் போனாள். அதற்குள் குமாரதாஸ் தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"நல்ல காரியத்துக்குப் போறவிய ரிவர்ஸ் எடுக்குத வண்டியில ஏறாண்டாம் அக்கா. இதில ஏறுங்க. முன்னோட்டே போவும்."

முத்துக்கனி ஜாஸ்மியைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார், குமாரதாஸின் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். முதல் இரண்டும் தோற்றன. அஞ்சு மட்டும், "அந்த அக்காவுக்க டேர்ன் இல்லியா?" என்று கேட்டாள். அவளுடைய மாமா அவளை வண்டிக்குள் தள்ளினார். வண்டி முன்னோட்டே போனது.

ஜாஸ்மி மூலைக்குத் திரும்பினாள். புதன்கிழமை வரை வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் கிராமத்துச் செவிலியர் பிந்து ஓடி வந்தாள். மலைமேல் துணை சுகாதார நிலையத்துக்குத் தடுப்பூசிப் பெட்டியோடு போக வேண்டும், பஸ் போய்விட்டது. வரிசையில் முன்னால் நின்றவர், அந்த ஏற்றத்துக்குத் தன் வண்டி இழுக்காது என்று கையை விரித்தார். ஜாஸ்மி பிரேக்கை மிதித்து, கியருக்குப் பதிலாக உள்ள திருகை ரிவர்ஸில் போட்டு, பீப் பீப் என்று மூலையிலிருந்து வெளியே வந்தாள். எழுபத்துமூன்று சதவீதம். தோட்டத்தைத் தாண்டிப் போகிற பழைய குறுக்கு ரோட்டில் ஏறினாள். அதனால் குமாரதாஸை வழியில் பார்க்கவில்லை.

பிந்துவை இறக்கிவிட்டு மெயின் ரோடு வழியாகத் திரும்பியபோது அறுபத்திரண்டு இருந்தது. தொட்டிப்பாலத்துக்கு மேலே இரண்டாவது வளைவில், ஏற்றத்தின் நட்ட நடுவில், டிஸ்பிளேயில் சிவப்பு அணைந்துபோன குமாரதாஸின் வண்டி நின்றது. வண்டிக்குப் பின்னால் முத்துக்கனியின் அண்ணன் இரண்டு சக்கரங்களுக்கும் கல் வைத்துக்கொண்டிருந்தார். முத்துக்கனி ரப்பர் மரத்தடியில் பழத்தட்டோடு உட்கார்ந்திருந்தார். குமாரதாஸ் ஆக்சிலேட்டரை முழுவதும் முறுக்கிப் பிடித்தபடி, கைப்பிடியைக் குலுக்கிக்கொண்டிருந்தார். டீசல் வண்டியாக இருந்தால் அந்தக் குலுக்கலுக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும்.

ஜாஸ்மி இறங்கிவந்து டிஸ்பிளேயை எட்டிப் பார்த்தாள். பதினொன்று சதவீதம். ஆமை படம் எரிந்தது. பேட்டரி இருபதுக்குக் கீழே போனால் கன்ட்ரோலர் பூஸ்ட்டைக் கொடுக்காது. பதினைந்துக்குக் கீழே ஆமை. வண்டி ஊர்ந்து வீடு சேரத்தான் அந்த நிலை. மூன்று பேரை வைத்துக்கொண்டு செங்குத்தான ஏற்றம் ஏற அல்ல.

"காலையில எத்தற இருந்துச்சு அண்ணே?"

"ஐம்பத்தாறு. அறுபது கிலோமீட்டர் ஓடும்னு போட்டிருந்துச்சு. ஸ்டாண்டிலேருந்து பெண் வீடு பதினாறு கிலோமீட்டருதான். என்னமோ இழுக்குது. யாரு கண்ணோ." யாருடைய கண் என்பதை அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார்.

"முன்னால எத்தற சவாரி போனிய?"

மூன்று போயிருந்தார். எல்லாம் பூஸ்ட்டில்தான். ஐம்பத்தாறு முப்பத்தொன்று ஆகியிருந்தது. மலையடிவாரத்தில் டிஸ்பிளே இன்னும் முப்பது கிலோமீட்டர் என்றது. அவர் அதை நம்பினார். எலுமிச்சம்பழத்தை நம்பியது போல.

"ராத்திரி முழுக்க போட்டும் ஐம்பத்தாறுதானா?" என்றாள் ஜாஸ்மி. "எந்த பிளக்கில போடுதிய?"

வீட்டு முன்வராந்தாவான சிட் அவுட்டில் இருக்கிற பிளக்கில்தான். ஆனால் வயர் எட்டவில்லை, இரண்டு முழம் குறைகிறது. அதனால் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டிருக்கிறார். திருவிழாவுக்குச் சீரியல் பல்ப் போட வாங்கியது.

ஜாஸ்மிக்குக் கண் முன்னால் எல்லாம் தெரிந்தது. மூக்கை வீட்டுப் பக்கம் விட்டு நிறுத்தினால் சார்ஜ் வாய் சிட் அவுட்டை ஒட்டி நிற்கும்; கம்பெனி வயர் தாராளமாக எட்டும். மனுஷன் ராத்திரியே வண்டியைத் திருப்பி, மூக்கை ரோட்டுப் பக்கம் வைத்து நிறுத்துகிறார்.

"வயரு சூடாவுமே அண்ணே?"

"பாக்ஸு கொஞ்சம் உருகினதுபோல இருக்கு," என்று ஒப்புக்கொண்டார் குமாரதாஸ். "நடுராத்திரி சார்ஜரில சிவப்பு லைட்டு மின்னும். அதுதான் நான் சொல்லுதேன், ராத்திரியிலதான் இழுக்குது."

"அந்த நூலு வயரு சூடாயி, சார்ஜரு பயந்து நிறுத்திப்போடுது. வீடு தீப்பத்தாம இருக்கதே பெருசு. வண்டிய உள்ளோட்டு விட்டா கம்பெனி வயரே எட்டுமே."

"எட்டும்." குமாரதாஸ் குரலைத் தாழ்த்தினார். "காலம்பற பொறவு பின்னோட்டுல்லா எடுக்கணும்."

மரத்தடியிலிருந்து அஞ்சு சிரித்துவிட்டாள். முத்துக்கனி, "சும்மா இரி" என்று அவள் தொடையில் கிள்ளினார். கிள்ளிவிட்டு, முகூர்த்தம் பன்னிரண்டுக்குள் என்றும், யாராவது எதையாவது செய்யுங்கள் என்றும் பொதுவாக ரப்பர் மரங்களிடம் சொன்னார்.

செய்ய வேண்டியது எளிது. குமாரதாஸின் வண்டி ஏற முடியாது, ஆனால் இறங்க முடியும். ஒரே வெட்டாகத் திருப்ப ரோடு அகலம் போதாது, முன்னும் பின்னும் எடுத்துத் திருப்ப ஆமைக்குத் தெம்பில்லை. முப்பது அடி பின்னால், ரப்பர் ஷீட் லாரி ஒதுங்குகிற இடம் ஒன்று உண்டு. அதுவரை பின்னோட்டு இறங்க வேண்டும்.

குமாரதாஸ் திருகை ரிவர்ஸில் போட்டார். வண்டி அசையவில்லை. டிஸ்பிளேயில் ஒரு மஞ்சள் விளக்கு மின்னியது. இன்னொரு தடவை போட்டார். "பாத்தியா? இதுக்கே பின்னால போவ இஷ்டம் இல்ல," என்றார். தன் வண்டிக்குத் தன் கொள்கை இருப்பதில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

"ஆக்சிலேட்டர விடுங்க அண்ணே. அத முறுக்கிப் பிடிச்சிட்டு எதில போட்டாலும் அது கேக்காது. முழுசா விடுங்க. பிரேக்க மிதியுங்க. நியூட்ரல். இப்ப ரிவர்ஸ்."

விளக்கு அணைந்தது. பீப் பீப் என்று சத்தம் எழுந்தது. குமாரதாஸின் முகம், பொதுஇடத்தில் வேட்டி அவிழ்ந்தவர் முகம் மாதிரி ஆனது.

"கல்லை எடுங்க," என்று ஜாஸ்மி அஞ்சுவின் மாமாவிடம் சொன்னாள். "அண்ணே, முறுக்காண்டாம். இறக்கம் தானே இழுத்துட்டுப் போவும். பிரேக்கிலயே பைய விடுங்க."

முப்பது அடியும் அவள் பக்கத்தில் நடந்தே வந்தாள். வண்டி ஒதுங்கித் திரும்பியதும் குமாரதாஸுக்குப் பழைய தெம்பு வந்தது. இறக்கத்தில் நியூட்ரலில் போட்டுச் சும்மா உருட்டிவிடுவதாகச் சொன்னார். டீசல் காலத்துச் சிக்கனம். ஜாஸ்மி குறுக்கே நின்றாள். முன்னோட்டுக் கியரிலேயே இருக்க வேண்டும், ஈக்கோவில் போட வேண்டும், ஆக்சிலேட்டரை விட்டுவிட வேண்டும். அப்போதுதான் சக்கரம் மோட்டாரைச் சுற்றி, மோட்டார் பேட்டரிக்கு ஏற்றும், வண்டியும் பிடித்துப் பிடித்து இறங்கும். நியூட்ரலில் போட்டால் ஒன்றும் ஏறாது; பிரேக்தான் சூடாகும்.

"இறக்கத்தில கரண்டு ஏறுமா? யாரு குடுக்கா?"

"மலை குடுக்குது," என்றாள் ஜாஸ்மி.

பிறகு அவள் தன் வண்டியை அந்தக் குறுகிய ரோட்டில் முன்னே ஒன்று, பின்னே ஒன்று, முன்னே ஒன்று எனத் திருப்பினாள். நடுவில் பீப் பீப் கேட்டது. முத்துக்கனி கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது வண்டி மலைப்பக்கம் பார்த்து நின்றது. மூன்று பேரும் ஏறினார்கள். செங்குத்தில் மட்டும் பூஸ்ட், வளைவு தாண்டியதும் நார்மல். பன்னிரண்டுக்குக் கால்மணி இருக்கும்போது பெண் வீட்டு வாசலில் நின்றார்கள். வாசலில் வேன் வழியை அடைத்திருந்ததால் ஜாஸ்மி ஐந்தடி பின்னோட்டு எடுத்துத்தான் இறக்கிவிட முடிந்தது. இந்தத் தடவை யாரும் கண்ணை மூடவில்லை. தோட்டத்து வெக்கையில் உட்கார்ந்து எழுந்த பிறகு முத்துக்கனியின் கொள்கையும் கொஞ்சம் இளகியிருந்தது. நிச்சயதார்த்தம் நல்லபடி முடிந்தது என்று பின்னால் தெரிந்தது.

ஜாஸ்மி ஸ்டாண்டுக்கு வந்தபோது மூலையில் அவளுக்கு இடமில்லை. குமாரதாஸின் வண்டி மூக்கை உள்ளே விட்டு நின்றது. சாயாக் கடைப் பின்சுவரின் பெரிய பிளக்கிலிருந்து வயர் சரியாக எட்டியிருந்தது. பதினொன்றில் தொடங்கி இறங்கியவர், மலையடிவாரம் வந்தபோது பதின்மூன்று இருந்ததாகவும், தொங்குகிற எலுமிச்சம்பழத்தை இறக்கம் முழுக்கத் தொட்டுக்கொண்டே வந்ததாகவும், அதுதான் இரண்டைத் தந்ததென்றும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மலை கொடுத்ததைக் குறிப்பிட மறந்துவிட்டார்.

மூன்று மணி நேரம் கழித்து அவர் வெளியே வந்தார். பின்னோட்டு. பதினொரு பேரும், அபுதாஹிரும், பஸ்ஸுக்கு நின்றவர்களும் பார்த்தார்கள். பீப் பீப். ரோட்டில் சேர்ந்ததும் குமாரதாஸ் கிளீட்டஸைப் பார்த்துச் சொன்னார்: "இது நாளுக்க முதல் உருட்டு இல்ல கேட்டியா. அது காலையிலேயே முன்னோட்டு ஆச்சு."

கிளீட்டஸ் தலையை ஆட்டினார்.

புதன்கிழமைக் கூட்டம் சாயாக் கடையிலேயே நடந்தது. தீர்மானம் மாறியிருந்தது. ஜாஸ்மியை எடுக்க வேண்டாம். மூலையை மட்டும் எடுத்தால் போதும். குமாரதாஸ் எழுந்து விளக்கினார். ரிவர்ஸ் பற்றிய வழக்கம் கியர் போடுகிற வண்டிகளுக்கு உண்டானது. பேட்டரி வண்டியில் இருப்பது கியர் அல்ல, ஒரு திருகு. ஆகவே அது ரிவர்ஸ் ஆகாது, மின்சார சமாச்சாரம். இனி வருகிற வண்டிகள் எல்லாம் இந்த ரகந்தான். பிளக் உள்ள மூலை செயலாளர் பொறுப்பில் இருப்பதுதான் பொதுவுக்கு நல்லது. ஜாஸ்மி வரிசையின் கடைசியில் நிற்கலாம், தற்காலிகமாக.

நூறு வருடம் ஆனாலும் அசையாது என்று சொன்ன வழக்கங்கள், பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது என்று தெரிந்ததும் எப்படி வழிவிடுகின்றன என்பதை ஜாஸ்மி பார்த்தாள். பார்த்துக்கொண்டிருந்தால் அவளுடைய முறை போய்விடும். எழுந்தாள்.

"மூலைய தாறேன். பேரு எழுதணும்."

எழுதலாம், வருகிற மாதம் பார்க்கலாம் என்று நாலைந்து குரல்கள் வந்தன.

"இன்னைக்கு," என்றாள் ஜாஸ்மி. "பெயின்டர் கீழத் தெருவிலதான் இருக்காரு. பேரு எழுதின பொறவு மூலைய எடுத்துக்கிடுங்க. இல்லன்னா பிளக்க அபுதாஹிர் இக்காகிட்ட கேட்டுக்கிடுங்க. யாருக்குக் குடுக்கணும்னு அவருக்குத் தெரியும்."

எல்லோரும் அபுதாஹிரைப் பார்த்தார்கள். அவர் சாயாவை ஆற்றிக்கொண்டே, "என் பிளக்கு தற்காலிகக்காரங்களுக்கு மட்டுந்தான்," என்றார். "நிரந்தரமானவிய அந்தப் பிள்ளைகிட்ட கேட்டுட்டு வரணும்."

குமாரதாஸ் ராத்திரியின் உருகிய பாக்ஸை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு தன் பெருந்தன்மையைப் பற்றி நீளமாகப் பேசினார். கிளீட்டஸ் இந்தத் தடவை தலையாட்டுவதற்கு முன்னால் வாய் திறந்தார்: "பெயின்டர வரச் சொல்லுங்கடே." நான்கு பதவிக் காலங்களில் அவர் சொன்ன முதல் தீர்மானம் அது.

சாயங்காலம் பெயின்டர் வந்தார். பதினோராவது பெயருக்குக் கீழே 12 என்று போட்டு, ஜாஸ்மி என்று எழுதினார். பிறகு தன்னிஷ்டத்துக்கு, பக்கத்தில் சின்ன எழுத்தில் '(பெண்)' என்று சேர்த்தார்.

"அது எதுக்கு?" என்றாள் ஜாஸ்மி.

"அடையாளம் தெரியட்டும்னு."

"அப்ப மேல உள்ள பதினொண்ணுக்கும் ஆண்னு எழுதணுமே. பெயின்டு இருக்கா?"

பெயின்டர் மேலே பார்த்தார். பதினொரு பெயர். டப்பாவில் கொஞ்சம்தான் மீதி. மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து அடைப்புக்குறியோடு துடைத்துவிட்டார். துடைத்த இடத்தில் ஒரு மங்கல் மட்டும் இருந்தது. காய்ந்தால் தெரியாது என்றார்.

மறுநாள் காலை ஜாஸ்மி வரிசையின் கடைசியில், ரோட்டைப் பார்த்து நின்றாள். நூறு சதவீதம், ஈக்கோ. பின்னால் மூலையிலிருந்து பீப் பீப் என்று சத்தம் கேட்டது. வீட்டில் வண்டியைத் திருப்பி நிறுத்துவதைக் குமாரதாஸ் இன்னும் விடவில்லை. அதனால் விடிந்ததும் ஸ்டாண்டுக்கு வந்து பிளக்கில் போட்டுவிட்டு, முதல் சவாரிக்கு வெளியே வந்துகொண்டிருந்தார். கண்ணாடிக்கு முன்னால் எலுமிச்சம்பழத்தைக் காணோம். வண்டி தாண்டிப் போகும்போதுதான் ஜாஸ்மி பார்த்தாள். அதைப் பின்பக்க பம்பரில் கட்டியிருந்தார்.